சிறுவாடு ஏன் ஒளிந்து கிடக்கிறது

(திருச்சி உறையூரில் நடந்த மகளிர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சகோதரிகளுக்கும், மனைவியரோடு சேர்ந்து வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆண்களுக்கும் வணக்கம்.

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. மறுநாள் வங்கிகள் மூடியிருந்தன. 10ஆம் தேதி காலையில் திறந்தபோது நான் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம் என் முன்னால் வந்து நின்ற பெண்களை இன்னும் மறக்கவில்லை. மஞ்சள் துணியில் முடிந்தது, அரிசிப் பானையில் கிடந்து தவிட்டு வாசனை ஏறியது, சுருட்டிச் சுருட்டி நிமிரவே மறுத்தது என்று எத்தனையோ விதமான நோட்டுகள் வந்தன. ஒரு அம்மா 47 நோட்டுகள் கொண்டுவந்தார். 23,500 ரூபாய். எட்டு ஆண்டுச் சேமிப்பு என்றார். அவர் பெயரில் எங்கும் கணக்கு இல்லை. கவுன்ட்டரில் மாற்றிக்கொள்ளக் கூடியது முதலில் 4,000 ரூபாய்தான். மீதியைக் கணக்கில்தான் செலுத்த வேண்டும். வீட்டில் இருந்த ஒரே கணக்கு கணவருடையது. "அவருக்குத் தெரியாமல் அவர் கணக்கில் போட முடியுமா அம்மா?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். முடியாது என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

அந்தப் பணத்துக்கு நம் ஊரில் சிறுவாடு என்று பெயர். வீட்டுச் செலவுக்குக் கொடுத்த பணத்தில் பத்தும் இருபதுமாக ஒதுக்கிச் சேர்ப்பது. சிறுவாடு சேர்க்கும் பெண்ணைக் கெட்டிக்காரி என்று புகழ்வோம். அவர் அதை ஏன் ஒளித்து வைக்கிறார் என்று மட்டும் கேட்க மாட்டோம். நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, தெரிந்த குடும்பங்களுக்கு வீட்டுக் கணக்கு எழுத உதவி வருகிறேன். கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்காரும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் அடியில் வந்து நிற்கிறது. அதற்கு நான் கண்ட பதில் இது: வீட்டுச் செலவுப் பணமும் அவருடைய சொந்தப் பணமும் ஒரே குவியலாக இருக்கிறது. அதனால் அவர் தனக்காக எடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் பிள்ளையின் பாலில் இருந்தோ, மாமியாரின் மருந்தில் இருந்தோ எடுத்ததாகி விடுகிறது. அப்படி எடுத்ததை யாரால் வெளியில் வைத்துப் பார்க்க முடியும்? அந்தக் குவியலை எப்படிப் பிரிப்பது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். ஒரு குடும்பத்தின் கணக்கை வைத்தே சொல்கிறேன். பெயர் வேண்டாம்; கணக்கு வெளியில் சொல்லலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

கணவர் ஒரு தனியார் நிறுவனத்தில் மேற்பார்வையாளர். பிடித்தம் போக மாதம் 54,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவிக்கு வருமானம் இல்லை. பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி கணவர் மனைவியிடம் 15,000 ரூபாய் கொடுப்பார். வாடகை 10,500, வண்டிக் கடன் தவணை 3,200, ஊரில் இருக்கும் தன் தாயாருக்கு 3,000, மின்சாரம், போன், இணையம் எல்லாம் சேர்த்து 1,600, வேலைக்குப் போய்வரும் பெட்ரோல் 1,900. ஆக 20,200 ரூபாயை அவரே கட்டிவிடுவார். குடிப்பழக்கம் இல்லை, சீட்டாட்டம் இல்லை. "நான் எனக்கென்று எதுவும் வைத்துக்கொள்வதில்லை, எல்லாம் வீட்டுக்குத்தான்" என்று அவர் சொன்னது பொய்யில்லை. "15,000 ரூபாய் கையில் நிற்கவே இல்லை" என்று அவர் மனைவியான அந்தத் தங்கை சொன்னதும் பொய்யில்லை.

முதலில் மூன்று மாதம் எழுதச் சொன்னேன். குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம், எழுதினால் போதும் என்றேன். ஒரு மாதக் கணக்கை நம்பி முடிவெடுக்கக் கூடாது. ஒரு மாதத்தில் கேஸ் சிலிண்டர் வராது, இன்னொரு மாதத்தில் இரண்டு வரும். ஒரு மாதம் காய்ச்சல், ஒரு மாதம் விருந்தாளிகள். மூன்று மாதத்தைக் கூட்டி மூன்றால் வகுத்தபோது கிடைத்தது இது: மளிகை 5,500, காய்கறி 3,000, பால் 2,100, முட்டை மீன் கறி 1,800, பள்ளி ஆட்டோ 1,600, பழமும் பிள்ளைகளின் தின்பண்டமும் 1,200, கேஸ் 700, மருந்து, தையல்கூலி, கோவில் போன்ற சில்லறைச் செலவுகள் 1,100. கூட்டினால் 17,000 ரூபாய்.

15,000 ரூபாயில் 17,000 ரூபாய்க் குடும்பத்தை அவர் நடத்திக்கொண்டிருந்தார். மாதம் 2,000 பள்ளம். அந்தப் பள்ளம் எதனால் நிரம்பியது தெரியுமா? சில மாதம் கணவரிடம் கேட்டு வாங்கினார். பொங்கலுக்கு அண்ணன் கொடுத்த சீர்ப் பணம் ஒரு மாதம் ஈடுகட்டியது. ஒரு முறை மோதிரத்தை அடகு வைத்து 9,000 ரூபாய் வாங்கியிருந்தார். அது மீட்கப்படாமல் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் ஒரு தகர டப்பாவில் 4,300 ரூபாய் சிறுவாடும் இருந்தது. ஒரு கையால் வட்டி கட்டிக்கொண்டு மறு கையில் வட்டியில்லாத பணத்தை ஒளித்து வைத்திருக்கிறார். கணக்காகப் பார்த்தால் இது நஷ்டம். ஆனால் அந்த 4,300 ரூபாய் ஒன்றுதான் யாரிடமும் கேட்காமல் அவரால் தொடக்கூடிய பணம். அதை வட்டிக்குக் கட்டிவிட்டால் அதுவும் போய்விடும். அந்த அச்சம் எனக்கு நன்றாகப் புரிந்தது.

அடுத்தது கணவரின் பக்கம். 54,000 ரூபாயில் 20,200 கட்டி, 15,000 கொடுத்தால், அவர் கணக்கில் 18,800 ரூபாய் மிஞ்ச வேண்டும். ஆனால் ஆண்டு முடிவில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. எங்கே போயிற்று என்று அவருக்கே விளங்கவில்லை. இதற்கு மாதக் கணக்கில் விடை கிடைக்காது. ஆண்டுக் கணக்கு போட வேண்டும். நம் வீடுகளில் மாதத்தைக் குலைப்பவை எல்லாம் ஆண்டுக்கு ஒரு முறை வருகிறவை. பள்ளிக் கட்டணம் இரண்டு பேருக்கும் 46,000, சீருடை புத்தகம் 8,000, மருத்துவக் காப்பீடு 15,000, ஆயுள் காப்பீடு 12,000, தீபாவளித் துணியும் பலகாரமும் 14,000, பொங்கல் 4,000, கல்யாணங்களுக்கு மொய் 10,000, ஊர்த் திருவிழாவுக்குப் போய்வர 6,000, வண்டிக்கு இன்சூரன்ஸும் சர்வீஸும் 5,000. மொத்தம் 1,20,000 ரூபாய். அதாவது மாதம் 10,000 ரூபாய்.

இந்தப் பட்டியலை இருவரும் சேர்ந்து எழுதி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முழுவதும் ஆயிற்று. மொய்யைத் தங்கைதான் நினைவூட்டினார். வண்டி இன்சூரன்ஸைக் கணவர் நினைவூட்டினார். ஒருவருக்குத் தெரிந்த செலவு மற்றவருக்குத் தெரியவில்லை. பட்டியல் முடிந்ததும்தான் கணவருக்கு விடை கிடைத்தது. ஜூன் மாதம் 54,000 ரூபாய் பள்ளிக்கு மட்டும் போகிறது, அது ஒரு மாதச் சம்பளம் முழுவதும். அதற்காக அவர் ஒவ்வொரு ஆண்டும் கிரெடிட் கார்டில் இழுத்து, பிறகு பல மாதம் வட்டியோடு அடைத்து வந்தார். மிச்சமாகத் தெரிந்த பணம் அந்த வட்டிக்கும், கணக்கில் பணம் இருப்பதாகத் தோன்றியதால் அவ்வப்போது போன சில்லறைச் செலவுகளுக்கும் கரைந்திருந்தது.

ஆக, 54,000 ரூபாயில் அவர் கட்டுகிற 20,200, வீட்டுச் செலவு 17,000, ஆண்டுச் செலவுக்கு ஒதுக்க வேண்டிய 10,000, மூன்றும் சேர்ந்து 47,200. உண்மையான மிச்சம் 6,800 ரூபாய்தான். இந்த 6,800 எண்ணை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தது அன்றுதான் முதல் முறை. திருமணமாகி 13 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இங்கே பங்கு பற்றிய கேள்வி வருகிறது. இந்த மிச்சத்தை எப்படிப் பிரிப்பது நியாயம்?

சிலர் மனைவிக்குச் சம்பளம் போட்டுவிடலாம் என்கிறார்கள். சமையலுக்கு இவ்வளவு, பாத்திரம் துலக்க இவ்வளவு, பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர இவ்வளவு என்று கூட்டுகிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. அந்தக் கணக்கைப் போட்டால் நடுத்தரக் குடும்பத்தில் கணவரின் சம்பளமே போதாது. அது மட்டுமல்ல, சம்பளம் கொடுப்பவர் முதலாளி ஆகிவிடுவார். சாம்பாரில் உப்பு கூடினால் கேள்வி கேட்கும் உரிமையும் சேர்ந்தே வந்துவிடும். அவர் உழைப்புக்கு மதிப்பில்லை என்று நான் சொல்லவில்லை. 2024ஆம் ஆண்டுக்கான நாட்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்லும் கணக்கைப் பாருங்கள்: வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் கூலியில்லாமல் அதற்குச் செலவிடுவது ஒரு நாளைக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். ஜாம்ஷெட்பூரில் 1989இல் நடந்த தீ விபத்து வழக்கில், 2001இல் உச்ச நீதிமன்றம் இறந்துபோன இல்லத்தரசிகளின் உழைப்பை மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்பிட்டு இழப்பீடு கொடுத்தது. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கசக்கும். இறந்த பிறகு எண்ணில் எழுத முடிகிற உழைப்பை, உயிரோடு இருக்கும்போது ஏன் கணக்கில் கொண்டுவர முடியவில்லை?

இன்னும் சிலர் சதவீதம் சொல்வார்கள். சம்பளத்தில் பத்து சதவீதம் மனைவிக்கு என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாடகை உயர்ந்தால் அந்தப் பத்து சதவீதம்தான் முதலில் வெட்டப்படும். மேலும், மீதித் தொண்ணூறும் அவருடையது என்ற எண்ணம் அதில் ஒளிந்திருக்கிறது.

நான் சொல்லும் முறை எளியது. வீட்டின் எல்லாத் தேவைகளும் போக மிஞ்சுவதில், சொந்தப் பணம் என்று இருவருக்கும் ஒரே தொகை. சம்பாதிப்பவருக்குக் கூடுதல் இல்லை, சம்பாதிக்காதவருக்குக் குறைவு இல்லை. மீதி குடும்பச் சேமிப்பு. இந்தக் குடும்பத்தில் ஆளுக்கு 1,400 என்று முடிவாயிற்று. 2,800 போக 4,000 ரூபாய் சேமிப்பு. சமம் என்பதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இருவர் தொகையும் ஒன்றாக இருந்தால், ஒருவர் தொகையை வெட்டும்போது மற்றவர் தொகையும் வெட்டுப்படும். ஒரு மாதம் செலவு மீறி 1,400ஐ 1,000 ஆக்க வேண்டியிருந்தால் கணவரின் டீச் செலவும் 400 குறையும். அப்போது வெட்டுவதற்கு முன் இருமுறை யோசிப்பார்கள்.

எது வீட்டுச் செலவு, எது சொந்தச் செலவு என்று முதல் மாதமே வாதம் வரும். நல்லதுதான், வரட்டும். உடம்புக்கும் உழைப்புக்கும் வேண்டியது எல்லாம் வீட்டுச் செலவு என்று நான் சொல்வேன். அவருடைய முடிதிருத்தம், இவருடைய மாதவிடாய்த் துணி, இருவரின் உள்ளாடை, செருப்பு, மருந்து, போன் ரீசார்ஜ் எல்லாம் வீட்டுக் கணக்கு. விருப்பத்துக்கு வாங்குவது, நண்பர்களோடு சாப்பிடுவது, தோழியின் மகளுக்குப் பரிசு கொடுப்பது எல்லாம் சொந்தக் கணக்கு. அந்த 1,400 எங்கே போயிற்று என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்கக் கூடாது. கேட்டால் அது மறுபடியும் சிறுவாடாகி ஒளிந்துகொள்ளும்.

மிகக் கடினமான இடம் பிறந்த வீடு. இதைப் பல கூட்டங்களில் பேசாமல் கடந்துவிடுகிறார்கள். இந்தக் குடும்பத்தில் கணவரின் தாயாருக்கு 3,000 ரூபாய் எந்தக் கேள்வியும் இல்லாமல் முதல் வரியில் இருந்தது. மணப்பாறையில் இருக்கும் தங்கையின் தகப்பனாருக்குச் சர்க்கரை நோய். மாத்திரைக்கு அவ்வப்போது ஐந்நூறு, அறுநூறு என்று மகள் கொடுத்து வந்திருக்கிறார், சிறுவாட்டில் இருந்து. கணவருக்குத் தெரியாது. நோட்டில் எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன் அல்லவா, மூன்று மாதமும் அந்த வரியை மட்டும் அவர் "சில்லறை" என்று எழுதியிருந்தார். அன்று மாலை அதைச் சொன்னபோது குரல் தழுதழுத்தது. கணவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மாவுக்கு எழுதியிருக்கிற இடத்துக்குக் கீழே அப்பாவுக்கும் எழுது" என்றார். சேமிப்பு 4,000ஐ 3,200 ஆக்கி, 800 ரூபாய் தகப்பனாருக்கு என்று எழுதினோம். தொகை சமமாக இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த அம்மாவுக்கு ஓய்வூதியம் இல்லை, தகப்பனாருக்குச் சிறு நிலம் இருக்கிறது. இரண்டும் ஒரே பக்கத்தில், ஒரே நோட்டில் இருக்க வேண்டும்.

இனி, பணத்தை எந்தக் கணக்கில் வைப்பது என்பது. நான் வங்கியில் இருந்தவள் என்பதால் இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டுச் செலவுக்கு இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்கு. விண்ணப்பத்தில் யார் இயக்கலாம் என்று ஒரு கட்டம் இருக்கும். "இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். "முதலில் பெயருள்ளவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்று எழுதிவிட்டால், முதல் பெயர்க்காரர் உயிரோடு இருக்கும்வரை இரண்டாமவரால் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. கூட்டுக் கணக்கு என்று பெயர், ஆனால் கை ஒன்றுதான். இந்த ஒரு கட்டத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட பெண்கள் எத்தனையோ பேர் என் கவுன்ட்டரில் திரும்பிப் போயிருக்கிறார்கள். அடுத்து, ஆளுக்கு ஒரு ஏடிஎம் அட்டை. அடுத்து, இருவரின் கைபேசி எண்ணும் கணக்கில் பதிவாகி, இருவருக்கும் குறுஞ்செய்தி வருகிறதா என்று கவுன்ட்டரிலேயே கேளுங்கள். குறுஞ்செய்தி ஒருவருக்கு மட்டும் வந்தால், மற்றவரின் ஒவ்வொரு செலவும் அவருக்குப் புகாராகப் போய்ச் சேரும்.

2024இல் இருந்து யுபிஐ சர்க்கிள் என்று ஒன்று வந்திருக்கிறது. கணவர் தன் கணக்கில் இருந்து செலவு செய்ய மனைவியின் கைபேசிக்கு அனுமதி கொடுக்கலாம். முழு அனுமதி என்றால் மாதம் 15,000 ரூபாய் வரை. இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் அவர் தன் கைபேசியில் ஒப்புதல் கொடுக்க வேண்டும். அவசரத்துக்கு நல்ல வசதி. ஆனால் இதைக் காட்டி "உனக்குத்தான் வசதி செய்து கொடுத்துவிட்டேனே" என்றால் ஏற்காதீர்கள். கணக்கு அவருடையது, நீங்கள் அனுமதி பெற்ற ஆள். கொத்தமல்லிக் கட்டுக்கு அலுவலகத்தில் இருக்கும் கணவரிடம் ஒப்புதல் கேட்டு கடைக்காரர் முன் காத்து நிற்பது பங்கீடு ஆகாது.

2024 ஜூலை 10ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் ஒரு ஜீவனாம்ச வழக்கின் தீர்ப்பில், நீதிபதி பி.வி. நாகரத்னா தனியாக எழுதிய பகுதியில், வருமானம் இல்லாத மனைவிக்குக் கணவர் கூட்டுக் கணக்கும் ஏடிஎம் அட்டையும் தந்து பொருளாதாரப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். நம் சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில் இன்னும் ஒரு படி போனது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்ப, மனைவி இங்கே குடும்பத்தை நடத்திய ஒரு வழக்கில், சொத்து வாங்கியதில் வீட்டைப் பார்த்துக்கொண்டவருக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் வரை போக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பின்வரிசையில் இருக்கும் தம்பிகள் "சம்பாதிப்பது நான்தானே" என்று நினைத்தால், சட்டமே அந்த இடத்தை விட்டு நகர்ந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும்.

ஆண்டுச் செலவுக்கான 10,000 ரூபாய் தனிக் கணக்கில், சம்பளம் வந்த மறுநாளே போய்விட வேண்டும். முதல் ஆண்டில் ஒரு சிக்கல் வரும்: பானை நிரம்பும் முன்பே செலவு வந்து நிற்கும். இவர்கள் பிப்ரவரியில் தொடங்கினார்கள். மே முடிய 40,000 சேர்ந்திருந்தது. பள்ளிக்கு வேண்டியது 54,000. 14,000 குறைந்தது. அந்த நான்கு மாதச் சேமிப்பு 12,800ஐயும் எடுத்து, இருவரும் தங்கள் சொந்தப் பணத்தில் ஆளுக்கு 600 போட்டு கட்டினார்கள். கிரெடிட் கார்டைத் தொடவில்லை. அந்த ஆளுக்கு 600 எனக்கு மிகவும் பிடித்தது; அவர் கொடுக்க அவர் கையில் இருந்தது, இவர் கொடுக்க இவர் கையிலும் இருந்தது.

மனைவியின் 1,400, அவர் ஒருவர் பெயரிலேயே உள்ள சேமிப்புக் கணக்கில் போக வேண்டும். அதில் ஒரு பகுதியை அஞ்சலகத் தொடர் வைப்பில் போடலாம். மாதம் 100 ரூபாயில் இருந்தே தொடங்கலாம், ஐந்து ஆண்டு. கணவர் கொடுத்த பணத்தை மனைவி பெயரில் முதலீடு செய்தால் அதன் வட்டி கணவரின் வருமானத்தோடு சேர்த்துப் பார்க்கப்படும் என்று வருமான வரி விதி இருக்கிறது. இதைக் கேட்டுப் பயந்து சிலர் மனைவி பெயரில் எதையும் போடுவதில்லை. இந்தக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஆறரை லட்சம் அளவில். 2025 ஏப்ரல் முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை சம்பளக்காரருக்கு வரி வருவதில்லை. அவர்களுக்கு இந்த விதியால் ஒரு ரூபாய் நஷ்டமும் இல்லை.

ஆயுள் காப்பீடு புதிதாக எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம் என்று 1874இல் வந்த பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் கீழ் பாலிசி எடுத்தால், கணவர் இறந்த பின் வரும் தொகை மனைவி மக்களுக்கே. கணவரின் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. ஆனால் பாலிசி எடுக்கும்போதே அதற்கான படிவத்தில் எழுத வேண்டும். பிறகு சேர்க்க முடியாது.

எல்லாம் எழுதிய பிறகும் குலைகிற இடம் ஒன்று உண்டு, நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் அதே இடம்தான். மூன்றாவது மாதம் தங்கையின் பாஸ்புக்கைப் பார்த்தேன். 1,400 வந்திருக்கிறது, 1,400 போயிருக்கிறது. என்ன வாங்கினாய் என்று கேட்கும் உரிமை எனக்கும் இல்லை, அவராகச் சொன்னார். பையனுக்குப் புத்தகப் பை, குக்கருக்கு கேஸ்கட், திடீரென்று வந்த விருந்தாளிக்குக் கோழி. சொந்தப் பணம் ஓசைப்படாமல் வீட்டுக்குள் திரும்பிவிட்டது. யாரும் பிடுங்கவில்லை, அவரே கொடுத்தார். கையில் பணம் இருந்தால் வீட்டுக் குறையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நம் பெண்களால் முடியாது. இதைக் கண்டுபிடிக்க வழி எளிது: மூன்று மாதம் கழித்தும் உங்களுக்கென்று செய்த செலவாகவோ உங்கள் கணக்கில் நிற்கும் தொகையாகவோ எதுவும் இல்லையென்றால், வீட்டுச் செலவுக்குக் கொடுக்கும் தொகை போதவில்லை என்று பொருள். அதனால் ஒரு விதி சேர்த்தோம். சொந்தப் பணத்தில் வீட்டுப் பொருள் வாங்கினால் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி, 1ஆம் தேதி கூட்டுக் கணக்கில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் அவருக்குக் கூச்சமாக இருந்தது. அலுவலக வேலைக்குச் சொந்தக் காசைப் போட்டுவிட்டுத் திரும்ப வாங்குவதில்லையா என்று கணவர்தான் சொல்லிப் புரியவைத்தார். ஆறு மாதத்தில் வீட்டுச் செலவை 17,000 இல் இருந்து 17,600 ஆக உயர்த்தினார்கள். சேமிப்பு அந்த அளவுக்குக் குறைந்தது.

அரசின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் பெறுகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 2023 செப்டம்பரில் அது தொடங்கிய பிறகு, "உனக்குத்தான் அரசாங்கம் ஆயிரம் கொடுக்கிறதே" என்று சொல்லி வீட்டுச் செலவில் ஆயிரத்தைக் குறைத்த கணவர்களை எனக்குத் தெரியும். அப்படிக் குறைத்தால் அரசு கொடுத்தது மனைவிக்கல்ல, கணவருக்கு. அதை உங்கள் சொந்தப் பணமாக எழுதுங்கள்.

ஆட்டோ ஓட்டுகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர் வீட்டில் மாதக் கணக்கு பொருந்தாது. அங்கே வாரம்தோறும், சனிக்கிழமை கூலி வந்ததும், ஆண்டுச் செலவுப் பங்கையும் இருவரின் சொந்தப் பங்கையும் முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும். வேலை இல்லாத வாரத்தில் சொந்தப் பங்கு இருவருக்கும் இல்லை.

கணவர் சம்பளமே எவ்வளவு என்று சொல்ல மறுக்கிற வீட்டிலும், பணத்தைக் கேட்டால் கை ஓங்குகிற வீட்டிலும் என் நோட்டு உதவாது. அதை மறைத்துப் பேச மாட்டேன். 2005இல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வீட்டுச் செலவுக்குப் பணம் தர மறுப்பதையும் மனைவியின் நகையை விற்பதையும் பொருளாதார வன்முறை என்றே பெயரிட்டுச் சொல்கிறது. மாவட்டத்துக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற எண்ணுக்குப் பேசலாம். அப்படிப்பட்ட வீட்டில் சிறுவாட்டை ஒளித்து வைப்பதுதான் சரி. முடிந்தால் உங்கள் பெயரில் உள்ள கணக்கில் ஒளித்து வையுங்கள், அரிசிப் பானையில் வேண்டாம்.

கூட்டம் தொடங்கும் முன் ஒரு அம்மா கேட்டார், சம்பளம் உயர்ந்தால் என்ன செய்வது என்று. அதையும் இந்தக் குடும்பத்தை வைத்தே சொல்லி முடிக்கிறேன். அடுத்த ஏப்ரலில் கணவருக்கு 3,000 ரூபாய் உயர்ந்தது. உயர்வு வந்த அன்று எதையும் தொடாமல், மாதக் கடைசியில் நோட்டோடு உட்கார்ந்தார்கள். பள்ளிக் கட்டணம் ஏறியிருந்ததால் ஆண்டுச் செலவுக்கு 800 கூட்டினார்கள். மளிகைக்கு 600. சேமிப்புக்கு 800. மீதி 800ஐ ஆளுக்கு 400 என்று பிரித்தபோது இருவரின் சொந்தப் பணமும் 1,800 ஆயிற்று. அந்த ஆண்டு பள்ளிக் கட்டணம் முழுவதும் ஆண்டுக் கணக்கில் இருந்தே போயிற்று. மோதிரத்தை ஆடிப்பெருக்குக்கு முன் மீட்டுவிட்டார்கள். தகர டப்பாவில் இருந்த 4,300 ரூபாயைத் தங்கை ஒரு நாள் காலையில் வங்கிக்கு எடுத்துப்போய்த் தன் கணக்கில் கட்டினார். அந்த டப்பாவில் இப்போது வெந்தயம் இருக்கிறது.